நானோ விநாடிக் கணக்கில் நிறம் மாறும் எல்இடி பட்டை

அலங்காரக் கடைகளில் சுருளாகக் கிடைக்கும் பலவண்ண எல்இடி பட்டைகளில் பரவலானது WS2812B வகை. ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு சிறு சிப் இருக்கிறது. தன்னை நோக்கி வரும் முதல் 24 பிட்களை அது எடுத்துக்கொள்ளும். மீதியை அடுத்த விளக்குக்குக் கடத்திவிடும். பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசையில் நிறத்துக்கு 8 பிட். இத்தனையும் ஒரே டேட்டா கம்பியில் வருகின்றன. தாளம் சொல்லும் கிளாக் கம்பி தனியே இல்லாததால், நேரத்தை வைத்துத்தான் சிப் பிட்டை அடையாளம் காண வேண்டும்.

ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ விநாடி. ஒவ்வொரு பிட்டும் மின்னழுத்தம் மேலேறித் தொடங்கும். சுமார் 0.4 மைக்ரோ விநாடியில் கீழிறங்கினால் அது 0, சுமார் 0.8 வரை நீடித்தால் 1. உற்பத்தியாளர் தரும் சலுகை இருபுறமும் 0.15 மட்டுமே. கம்பி 50 மைக்ரோ விநாடிக்கு மேல் அமைதியாக இருந்தால் 'செய்தி முடிந்தது' என்று எடுத்துக்கொண்டு விளக்குகள் புதிய நிறத்துக்கு மாறும். பிந்தைய தயாரிப்புகளுக்கு 280 வரை தேவைப்படுகிறது.

ஆர்டுயினோ ஊனோவின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். அதாவது ஒரு கிளாக் துடிப்பு 62.5 நானோ விநாடி. ஒரு பிட்டுக்கு 20 துடிப்புகள்தான் கிடைக்கும். வழக்கமான digitalWrite ஒரு முறை ஓடவே சில மைக்ரோ விநாடிகள் ஆகிவிடும். அப்படி எழுதினால் 0 எல்லாம் 1 ஆகப் படிக்கப்பட்டு, பட்டை முழுக்க வெள்ளையாக எரியும். சி மொழியில் எழுதும் லூப்பையும் நம்ப முடியாது. கம்பைலர் அமைப்பு மாறினால் துடிப்புக் கணக்கும் மாறிவிடும். எனவே இந்த ஒரு துண்டை மட்டும் அசெம்ப்ளியில் எழுதுகிறார்கள். எட்டாம் பின்னுக்கான லூப் இது. r24-இல் அனுப்ப வேண்டிய பைட், r25-இல் 8 என்ற எண்ணிக்கை.

```
bit: sbi 0x05, 0
     .rept 3
     nop
     .endr
     sbrs r24, 7
     cbi 0x05, 0
     .rept 6
     nop
     .endr
     cbi 0x05, 0
     lsl r24
     nop
     dec r25
     brne bit
```

sbi பின்னை மேலேற்றுகிறது. பிட் 0 என்றால் முதல் cbi உடனே இறக்கிவிடும். மேலே இருந்தது 3 + 1 + 2 ஆக 6 துடிப்பு, 375 நானோ விநாடி. பிட் 1 என்றால் sbrs அந்த வரியைத் தாண்டிவிடும். 3 + 2 + 6 + 2 ஆக 13 துடிப்பு, 812.5 நானோ விநாடி கழித்து இரண்டாவது cbi இறக்கும். 1-க்கு மொத்தம் சரியாக 20 துடிப்பு, 0-க்கு 21. அந்த ஒரு துடிப்புக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. கீழே இருக்கும் நேரம் சற்று நீண்டாலும் சிப் பொறுத்துக்கொள்ளும். 0-இன் மேல் நேரம் நீள்வதைத்தான் அது பொறுக்காது.

அந்த நேரத்தைக் கெடுப்பது இன்டரப்ட். millis() கணக்குக்காக ஊனோவின் டைமர் 1.024 மில்லி விநாடிக்கு ஒருமுறை குறுக்கிடுகிறது. 0-இன் மேல் நேரத்தில் அது புகுந்தால் அந்த பிட் 1 ஆகி, ஏதோ ஒரு விளக்கு ஒரு கணம் தவறான நிறம் காட்டி மறையும். கீழ் நேரத்தில் நீண்ட நேரம் புகுந்தால் பட்டை அதைச் செய்தியின் முடிவாக எடுத்துக்கொள்ளும். நடுவிளக்குகளுக்குரிய நிறங்கள் முதல் விளக்கிலிருந்து மறுபடி தொடங்கும். கோளாறு எங்கே என்பதை இந்த இரண்டு அறிகுறிகளே சொல்லிவிடும்.

ஆகவே அனுப்பி முடியும்வரை இன்டரப்டை அணைத்துவைப்பதே வழக்கம். 60 விளக்குகளுக்கு 1,440 பிட், 1.8 மில்லி விநாடி. 300 விளக்கு என்றால் 9 மில்லி விநாடி. காத்திருக்கும் டைமர் குறுக்கீடுகளில் ஒன்றை மட்டுமே ஊனோ நினைவில் வைக்கும் என்பதால் millis() ஒவ்வொரு முறையும் பின்தங்கும்.

டைமர் வழியில் இந்தச் சிக்கல் இல்லை. 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும் STM32F103-இல் டைமரை 90 துடிப்புக்கு ஒருமுறை சுழலவிட்டால் 1.25 மைக்ரோ விநாடி கிடைக்கும். பின் மேலே இருக்க வேண்டிய அளவு 0-க்கு 29 துடிப்பு, 1-க்கு 58. இந்த எண்களை நினைவகத்தில் வரிசையாக எழுதிவைத்தால், ஒவ்வொரு சுழற்சிக்கும் அடுத்த எண்ணை டிஎம்ஏ என்னும் வன்பொருள் தானே எடுத்து டைமரிடம் கொடுக்கும். நிரல் வேறு வேலை பார்க்கலாம். இதற்கு விலை நினைவகம்: எண்ணுக்கு 2 பைட் வீதம் 60 விளக்குக்கு 2,880 பைட். சில விளக்குகளுக்கு மட்டும் இடம் ஒதுக்கி, ஒரு பாதி அனுப்பப்படும்போது மறுபாதியை நிரப்பினால் இதைப் பெரிதும் குறைக்கலாம்.

நிறம் மாற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லாத பட்டைக்கு ஊனோவின் லூப் போதும். கணினியிலிருந்து 115200 வேகத்தில் சீரியலில் நிறங்கள் வருவதாக இருந்தால் போதாது. அப்போது 87 மைக்ரோ விநாடிக்கு ஒரு பைட் வந்துகொண்டிருக்கும். இன்டரப்ட் அணைந்திருக்கும் 1.8 மில்லி விநாடியில் சுமார் 20 பைட் வந்துவிடும். ஊனோவின் சீரியல் வன்பொருளில் காத்திருக்க இரண்டு மூன்று பைட்டுக்கு மேல் இடமில்லை. அத்தகைய வேலைக்கு டைமரும் டிஎம்ஏவும் உள்ள சிப்பையே வாங்க வேண்டும்.