பெட்டிக் கணக்கு

கடையில் ஒரு நெய் பாட்டில் நாளுக்கு 6 விற்கிறது. அடுத்த சரக்கு வரும்வரை 12 நாள் தாக்குப்பிடிக்க 72, கைக்காப்பாக 10, ஆக 82 வேண்டும். இருப்பு 31, ஏற்கெனவே ஆர்டர் போட்டு இன்னும் வராதது 24. மீதித் தேவை 27.

ஆனால் சப்ளையர் 12 பாட்டில் கொண்ட முழுப் பெட்டியாகத்தான் தருவார். 50 பாட்டிலுக்குக் குறைந்தால் ஆர்டரே எடுக்க மாட்டார். இங்கே மென்பொருள் எதை முதலில் செய்கிறது என்பதுதான் விஷயம். 27-ஐ முதலில் பெட்டிக்கு உயர்த்தினால் 36; பிறகு குறைந்தபட்ச அளவைப் பார்த்தால் 50. நாலு பெட்டி போக இரண்டு பாட்டில் உதிரி! முதலில் 50-க்கு உயர்த்தி, கடைசியில் பெட்டிக் கணக்கு பார்த்தால் 60, சரியாக ஐந்து பெட்டி.

```
if தேவை <= 0: ஆர்டர் = 0
else: ஆர்டர் = ceil(max(தேவை, 50) / 12) * 12
```

முதல் வரியை விட்டுவிட்டால், தேவையே இல்லாத சரக்குக்கும் தினமும் 60 பாட்டில் பரிந்துரை வரும். பட்டியலில் ஒரே எண் வரிசையாகத் தெரிந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

60 வந்தால் மொத்தம் 115, பத்தொன்பது நாள் விற்பனை, கவலையில்லை. நாலு நாளைக்கு ஒன்று விற்கும் சரக்கென்றால் அதே 60 தீர 240 நாளாகும். காலாவதி அதற்கு முன்பே வருமானால், மென்பொருள் தானாக ஆர்டர் போடாமல் முதலாளி பார்வைக்கு ஒதுக்கிவைப்பதே சரி.