கத்தரி வைக்கும் முன்: துணிச் சீட்டை வாசிக்கும் முறை

சேலையிலோ சுடிதார் துணியிலோ இருக்கும் சீட்டு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஒன்று, துணி எந்த இழையால் ஆனது. மற்றொன்று, அதை எப்படித் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். ஆயத்த ஆடையில் இந்தச் சீட்டு கழுத்திலோ பக்கத் தையலிலோ நிரந்தரமாக இருக்கும். தைக்க வாங்கும் துணியில் அப்படியல்ல. மடிப்பில் ஒட்டிய தாளாகவோ, ஓரக்கரையில் அச்சிட்ட எழுத்தாகவோ, சேலை மூலையில் நூலில் தொங்கும் அட்டையாகவோ இருக்கும். கத்தரி பட்டதும் முதலில் குப்பைக்குப் போவது அதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது இழையின் பெயரையும் அதன் விழுக்காட்டையும். விழுக்காடு எடையைக் குறிப்பது. '67% பாலியஸ்டர், 33% காட்டன்' என்றால் துணியின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு பாலியஸ்டர்; டெரிகாட் என்று வழங்குவது இதுதான். 'அலங்காரம் நீங்கலாக' என்ற சொல் இருந்தால் ஜரிகை, எம்பிராய்டரி போன்றவை அந்தக் கணக்கில் சேரவில்லை என்று பொருள்.

கடைப்பெயர் வேறு, இழைப்பெயர் வேறு. தாம்பரம், குரோம்பேட்டை ஜவுளிக் கடைகளில் 'ஆர்ட் சில்க்', 'செமி சில்க்', 'ஃபேன்சி காட்டன்' என்ற பெயர்களில் சேலைகள் அடுக்கப்பட்டிருக்கும். ஆர்ட் சில்க் என்பதில் உள்ள 'ஆர்ட்' கலையைக் குறிப்பதல்ல. செயற்கைப் பட்டு என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. அந்தத் துணி பெரும்பாலும் பாலியஸ்டராகவோ விஸ்கோஸாகவோ இருக்கும். ரவிக்கைத் துணியில் காணும் '2×2' என்பதும் இழையின் பெயரல்ல. பாவிலும் ஊடையிலும் இரட்டைப் புரி நூல் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த நூல் பருத்தியா கலப்பா என்பதை விழுக்காட்டில்தான் பார்க்க வேண்டும்.

முத்திரைகளுக்கும் எல்லை உண்டு. மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004இல் தொடங்கிய சில்க் மார்க், துணியின் இழை தூய பட்டு என்று உறுதி சொல்கிறது. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்பதையோ, சாயம் போகாது என்பதையோ அது சொல்வதில்லை. 2006இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கைத்தறியில் நெய்யப்பட்டது என்பதற்கான சான்று. அது பட்டா, பருத்தியா என்பது அதன் வேலையல்ல.

பராமரிப்புச் செய்தி ஐந்து படங்களில் அடங்கும். தண்ணீர்த் தொட்டி துவைப்பதையும், முக்கோணம் பிளீச்சிங்கையும், சதுரம் உலர்த்துவதையும், இஸ்திரிப் பெட்டி இஸ்திரியையும், வட்டம் டிரை கிளீனிங்கையும் குறிக்கும். படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் அதைச் செய்யக் கூடாது. தொட்டிக்குள் 30 என்ற எண் இருந்தால் தண்ணீரின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டும் துவைக்க வேண்டும். சதுரத்தின் இடது மூலையில் இரண்டு சாய்கோடுகள் இருந்தால் நிழலில் உலர்த்த வேண்டும். மொட்டை மாடி வெயில் அந்தத் துணிக்கு ஆகாது.

இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கும் புள்ளிகள் தையலுக்கு முன்பே வேலைக்கு வருபவை. ஒரு புள்ளி 110 டிகிரி வரை, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. பருத்தி மூன்று புள்ளியைத் தாங்கும். பட்டும் பாலியஸ்டரும் பொதுவாக இரண்டு புள்ளியோடு நிற்கும். கழுத்துக்கும் காலருக்கும் வைக்கும் ஒட்டு கேன்வாஸ் சூட்டில்தான் பிடிக்கும். ஒரு புள்ளித் துணியில் அதை ஒட்டப் போனால் துணி சுருங்கும் அல்லது பளபளத்துப் போகும். அத்தகைய துணிக்குத் தைத்துப் பொருத்தும் கேன்வாஸே ஏற்றது.

தைத்த பின் ஆடைக்கு ஒரே பராமரிப்புதான். மேல்துணி, லைனிங், ஃபால்ஸ், கேன்வாஸ் எல்லாம் ஒன்றாகத் தண்ணீரில் நனையும், ஒன்றாக இஸ்திரி ஏறும். எனவே அவற்றில் எது மிக மென்மையானதோ, அதன் சீட்டே ஆடை முழுவதற்கும் சட்டமாகிறது. பாலியஸ்டரால் ஆன ஆர்ட் சில்க் ரவிக்கைக்கு நனைக்காத காட்டன் லைனிங் வைத்தால் நடப்பது இது: முதல் துவைப்பில் லைனிங் சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது. மேல்துணி உப்பி நிற்கும், தையல் கோடுகள் சுருக்கம் கண்டு இழுக்கும். இஸ்திரி அதைச் சரிசெய்யாது. காட்டன் ஃபால்ஸை நனைக்காமல் சேலையில் அடித்தாலும் கீழ்க்கரை இதேபோல் இழுத்துக்கொள்ளும்.

எவ்வளவு சுருங்கும் என்பதை அளந்தே பார்க்கலாம். 2.5 மீட்டர் சுடிதார் டாப் துணி ஒன்றில் '100% காட்டன்' என்று இருப்பதாகக் கொள்வோம். நீளவாக்கில் 50 செ.மீ. இடைவெளியில் இரண்டு நூல் அடையாளம் வைத்து, துணி முழுவதையும் சில மணி நேரம் ஊற வைத்து, பிழியாமல் உலர்த்தி, இஸ்திரி போட்டு மறுபடி அளக்க வேண்டும். 48 செ.மீ. வந்தால் சுருக்கம் 4 விழுக்காடு. 2.5 மீட்டர் துணி இப்போது 2.4 மீட்டர். நனைக்காமல் 44 அங்குல டாப் தைத்திருந்தால் முதல் துவைப்புக்குப் பின் அது ஏறக்குறைய 42¼ அங்குலமாகியிருக்கும். அகலத்தைவிட நீளத்தில் சுருக்கம் அதிகம் என்பதால் இழப்பு உயரத்தில்தான் தெரியும். துப்பட்டா பாலியஸ்டர் ஷிஃபான் என்றால் அதை ஊற வைக்கத் தேவையில்லை. 'டிரை கிளீன் மட்டும்' என்ற துணியைத் தண்ணீரில் போடவே கூடாது. அதற்குள் வைக்கும் லைனிங்கை மட்டும் தனியே நனைத்துக்கொள்ளலாம்.

தென் சென்னைப் புறநகரில் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் படிவமாகி இழையில் தங்கும். பட்டும் அடர்நிறப் பருத்தியும் மங்கும். சீட்டு துவைக்கலாம் என்று அனுமதித்தாலும், அங்கே சோப்புக்கட்டியைவிடத் திரவச் சலவைப் பொருளே பொருந்தும்.

சீட்டே இல்லாத துண்டுத் துணிக்கு ஒரு நூல் சோதனை உதவும். பாவிலிருந்து ஒன்றும் ஊடையிலிருந்து ஒன்றுமாக நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் கொளுத்த வேண்டும். பருத்தி தாள் எரியும் வாசத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகும் வாசம் தரும். எச்சம் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். பாவும் ஊடையும் வேறுவேறாக எரிந்தால் அது கலப்புத் துணி. விஸ்கோஸ் பருத்தியைப் போலவே எரியும் என்பதால் இந்தச் சோதனை அங்கே தோற்கும். அப்போது நூலை நனைத்து இழுத்தால் விஸ்கோஸ் எளிதில் அறும், பருத்தி உறுதியாக நிற்கும். ஒரே நூலுக்குள் இரண்டு இழைகள் சேர்த்து நூற்கப்பட்டிருந்தால் வீட்டுச் சோதனையால் விழுக்காட்டைச் சொல்ல முடியாது. அதற்கு ஆய்வுக்கூடமே வேண்டும்.

துணியைத் தையற்காரரிடம் கொடுக்கும்போது, சீட்டைக் கிழித்து ஒரு துண்டுத் துணியோடு அளவுச் சீட்டில் குத்தி வைத்தால் தைத்த பிறகும் அது கையில் இருக்கும்.