சிலிக்கானின் கண்ணாடித் தோல்

1955-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்ல் ஃப்ராஷ் என்ற வேதியியலர் சிலிக்கான் துண்டுகளை உலையில் சுட்டுக்கொண்டிருந்தார். உலை ஆயிரம் டிகிரியைத் தாண்டினால் துண்டின் மேற்பரப்பு குழிகுழியாக அரித்துப்போகும். அது அன்றைய தீராத தலைவலி. ஒருநாள் உலைக்குள் ஓடிய ஹைட்ரஜன் தற்செயலாகப் பற்றிக்கொண்டது. அதனால் உண்டான நீராவி உள்ளே புகுந்தது. கெட்டுப்போயிருக்க வேண்டிய துண்டுகள் ஒரு குழிகூட இல்லாமல் நிறம் மாறிப் பளபளவென்று வெளியே வந்தன. சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்து மேலே ஒரு கண்ணாடித் தோலைப் போர்த்தியிருந்தன.

ஃப்ராஷும் அவருடைய உதவியாளர் லிங்கன் டெரிக்கும் அதோடு விடவில்லை. சிலிக்கானின் மின்தன்மையை மாற்ற அதில் போரானோ பாஸ்பரஸோ துளியளவு கலப்பார்கள். இவை அந்தத் தோலைத் தாண்டி எளிதில் உள்ளே போகவில்லை. அப்படியானால் தோலில் வேண்டிய இடத்தில் மட்டும் சன்னல் வெட்டினால், அந்த இடத்தில் மட்டும் கலக்கலாம். சிப் தயாரிப்பு இந்த ஒரு யோசனையின் மேல்தான் எழுந்தது.

இந்தத் தோலை வளர்ப்பதுதான் ஆக்சிஜனேற்றம். இது மேலே பூசுகிற பூச்சு இல்லை. சிலிக்கானே கரைந்து தோலாகிறது. 100 நானோமீட்டர் தோல் வளர்ந்தால் அடியில் 44 நானோமீட்டர் சிலிக்கான் குறைந்திருக்கும். ஆயிரம் டிகிரியில் உலர்ந்த ஆக்சிஜன் இந்த 100 நானோமீட்டரை எட்டச் சில மணி நேரம் ஆகும். நீராவி கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடும். ஆனால் மெதுவாக வளர்ந்த தோல்தான் நெருக்கமானது, அதிக மின்னழுத்தம் தாங்குவது. பழகிய கண்ணுக்கு அளவுகோல்கூட வேண்டாம். தோலின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால், 50 நானோமீட்டரில் வேஃபர் வெளிர்பழுப்பாகவும், 100-இல் கருஊதாவாகவும், 150-இல் வெளிர்நீலமாகவும் தெரியும்.

சன்னல் வெட்டுவது ஒளியின் வேலை. ஃபோட்டோரெசிஸ்ட் என்ற திரவத்தை வேஃபரில் ஊற்றி வேகமாகச் சுழற்றினால் மெல்லிய படலமாகப் பரவும். மாஸ்க் வழியாகப் புற ஊதா ஒளி பட்ட இடங்கள் மட்டும் கழுவும்போது கரைந்து போகும். நீல ஒளியும் படலத்தைப் பாதிக்கும் என்பதால் அந்த அறைகளில் மஞ்சள் விளக்குதான் எரியும். அடுத்து, ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் திறந்த இடத்திலுள்ள தோலை அரிக்கும். போதுமான அளவு அரித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. கண்ணாடித் தோலில் தண்ணீர் பரவி ஒட்டும். வெறும் சிலிக்கானில் ஒட்டாமல் முத்துமுத்தாக உருண்டோடும். அதற்குப் பிறகும் அமிலத்தில் விட்டுவைத்தால் அரிப்பு பக்கவாட்டில் பாய்ந்து சன்னல் அகன்றுவிடும்.

1960-களில் பெரிய இடைஞ்சல் வேறொன்று. டிரான்சிஸ்டரின் இரு முனைகளையும் முதலில் உலைச் சூட்டில் கலந்து அமைத்து, அவற்றுக்கு நடுவே கேட் என்ற அலுமினியப் பட்டையைப் பிறகு வைத்தார்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அதனால் வேறு வழியில்லை. இரண்டாவது மாஸ்க்கை என்னதான் கவனமாக வைத்தாலும் சற்று விலகும். அதை ஈடுகட்ட, கேட்டை இருபக்கமும் முனைகளின் மேல் ஏறும்படி அகலமாக வைத்தார்கள். அப்படி ஏறிய பகுதி வீணாக மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்து சர்க்யூட்டின் வேகத்தைக் கெடுத்தது.

1966-இல் ஹியூஸ் நிறுவனத்தின் ராபர்ட் பவர் வரிசையையே திருப்பிப் போட்டார். முதலில் கேட், பிறகு அயனிப் பதியம். போரான் அணுக்களை அயனிகளாக்கி, மின்புலத்தால் விரட்டி, வேஃபரின் மேல் பாய்ச்சுவதே பதியம். உலை இல்லாமலே அயனிகள் உள்ளே புதையும். குடை பிடித்தவர்மேல் மழை படாததுபோல் கேட்டின் அடியில் மட்டும் அயனி விழாது. முனைகள் கேட்டின் ஓரத்தை ஒட்டியே அமைந்துவிடும். பொருத்திப் பார்க்க வேண்டிய இரண்டாவது மாஸ்க் தேவையே இல்லை.

பதியத்தில் ஆழத்தை மின்னழுத்தமும், அளவைக் கற்றையின் மின்னோட்டமும் தீர்மானிக்கின்றன. ஐம்பதாயிரம் வோல்ட்டில் விரட்டிய போரான், ஒரு மைக்ரானில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஆழத்தில் நிற்கும். டிரான்சிஸ்டர் எந்த மின்னழுத்தத்தில் விழிக்க வேண்டும் என்பதைச் சரிசெய்ய, மேற்பரப்பில் எழுநூறு சிலிக்கான் அணுவுக்கு ஓர் அயனி விழுந்தாலே போதும். இத்தனை சிறிய அளவை எண்ணிப் போடுவது உலைக்குச் சாத்தியமில்லை. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. படிகத்தில் அணுவரிசைகளுக்கு இடையே நீண்ட சந்துகள் இருக்கின்றன. கற்றை நேராக இறங்கினால் சில அயனிகள் எதிலும் மோதாமல் சந்துவழியே வெகு ஆழம் போய்விடும். அதனால் வேஃபரை வழக்கமாக ஏழு டிகிரி சாய்த்து வைப்பார்கள்.

புதைந்தவுடனே போரான் வேலை செய்யாது. மோதலில் படிகம் சிதைந்திருக்கும், அயனிகளும் கண்ட இடத்தில் கிடக்கும். சுட்டால்தான் அணுக்கள் தம் இடத்தில் அமரும். அலுமினியக் கேட்டை வைத்துக்கொண்டு அதிகம் சுட முடியாது. அந்த இடத்துக்குச் சூடு தாங்கும் பாலிசிலிக்கான் வந்தது. ஆனால் அதே சூட்டில் போரான் பக்கவாட்டிலும் நகர்ந்து கேட்டின் அடியில் ஊர்கிறது. டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க அந்த ஊர்தலைப் பொறுக்க முடியாமல் போனது. ஒரு காலத்தில் அரைமணி நேரம் உலையில் கிடந்த வேஃபர், பிறகு விளக்கொளியில் சில நொடிகள் மட்டும் காய்ந்தது. இன்றைய நுண்ணிய சிப்களில் லேசரோ மின்வெட்டு விளக்கோ அதை மில்லிநொடிகளில் சுட்டு முடிக்கிறது.