முதுகைக் காட்டி உட்காருங்கள்!

கால் சென்டரில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி நடக்கும் அறையை எட்டிப் பார்ப்பவருக்கு, உள்ளே ஏதோ மனஸ்தாபம் என்றுதான் தோன்றும். இரண்டு நாற்காலிகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்றில் இருப்பவர் சுவரைப் பார்த்துச் சத்தம் போடுகிறார். மற்றவர் எதிர்ச்சுவரைப் பார்த்து, "சொல்லுங்க சார்" என்கிறார். பக்கத்தில் மூன்றாவதாக ஒருவர், பேச்சில் கலந்துகொள்ளாமல் மளமளவென்று எழுதிக்கொண்டிருக்கிறார்.

முகம் பார்த்துப் பேசும்போது பாதி வேலையைக் கண்ணும் தலையாட்டலும் செய்துவிடும். போனில் அது நடக்காது. நாற்காலிகளைத் திருப்பிப் போடுவது அதற்காகத்தான்.

இந்தப் பயிற்சிக்கு 'ரோல் ப்ளே' என்று பெயர். தளத்தில் இருப்பவர்கள் 'மாக் கால்' என்பார்கள். பெரும்பாலான நிறுவனங்களில் இது புதியவர்களின் பயிற்சித் திட்டத்தில் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் வெள்ளிக்கிழமை மாலை மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்தில், இரண்டு பேரை மேடைக்கு அழைத்து, மற்றவர்கள் சிரிக்க, கடைசியில் கை தட்டி முடித்துவிடுகிறார்கள். அது பயிற்சி அல்ல, ஆண்டு விழா.

ஒழுங்காக நடத்த அரை நாள் வேண்டும். 15 பேர் கொண்ட ஒரு பேட்ச்சை எடுத்துக்கொள்வோம். சென்னையில் இயங்கும் ஒரு வங்கியின் தமிழ் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு அவர்கள் எடுக்கப்பட்டிருக்கிறார்கள். முதல் நாளே ரோல் ப்ளே வைப்பதில் பயனில்லை. விதிகள் தெரியாதவருக்குப் பேச்சில் என்ன திருத்தம் சொல்வது? கார்டு, ஏ.டி.எம்., யு.பி.ஐ. புகார்களுக்கான விதிமுறைகளைப் படித்து முடித்த பிறகுதான் நாற்காலிகள் திரும்ப வேண்டும்.

காலை 10 மணிக்குப் பயிற்சியாளர் முதலில் தானே ஏஜென்ட்டாக உட்கார்ந்து ஒரு அழைப்பைப் பேசிக் காட்டுகிறார். தடுமாற வேண்டிய இடத்தில் அவரும் தடுமாறலாம், அது நல்லதுதான். பிறகு 15 பேரும் மும்மூன்று பேராக ஐந்து குழுக்களாகிறார்கள். ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் ஏஜென்ட், ஒருவர் கவனிப்பாளர். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 20 நிமிடம். அட்டையைப் படிக்க இரண்டு, பேச்சுக்கு ஐந்து, கருத்துச் சொல்ல ஏழு, மீண்டும் பேச நான்கு, இடம் மாற இரண்டு. ஒரு மணி நேரத்தில் மூவரும் மூன்று வேடங்களையும் ஏற்றுவிடுவார்கள். தேநீருக்குப் பிறகு வேறு மூன்று அட்டைகளோடு இன்னொரு முறை.

வாடிக்கையாளரின் அட்டையில்தான் சூட்சுமம் இருக்கிறது. 'கோபமான வாடிக்கையாளர்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், நடிப்பவர் கத்துவார், சிரிப்பு வரும், கதை முடியும். நல்ல அட்டையில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதி, வாடிக்கையாளர் தானாகச் சொல்வது. இரண்டாவது, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது.

ஓர் அட்டையைப் பார்ப்போம். விழுப்புரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் 55 வயதுக்காரர். ஏ.டி.எம்.மில் 10,000 ரூபாய் எடுக்கப் போனார். பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. இது அவராகச் சொல்வது. கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை: சம்பவம் நடந்தது இந்த மாதம் 3-ம் தேதி, இன்று 12. போனது வேறொரு வங்கியின் ஏ.டி.எம். அந்த வங்கிக் கிளைக்கு இரண்டு தடவை நடந்து, 'உங்க பேங்க்கிட்ட கேளுங்க' என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார். கடைசியாக ஒரு குறிப்பு: 'அடையாளம் சரிபார்க்க விவரம் கேட்டதும், கார்டு எண்ணோடு பின் நம்பரையும் சேர்த்துச் சொல்லத் தொடங்குங்கள்.'

முதல் சுற்று பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"வணக்கம் சார், உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"ஏம்மா, பணம் வரவே இல்ல, பத்தாயிரம் கழிஞ்சிருக்கு!"

"தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம் சார். ஏ.டி.எம். டிரான்சாக்‌ஷனுக்கு அஞ்சு நாள் டைம் இருக்கு சார். அதுக்குள்ள அக்கவுண்ட்டுக்கு வந்துடும்."

"அஞ்சு நாளா? இன்னும் அஞ்சு நாளா? யாரைம்மா ஏமாத்தறீங்க?"

அந்தப் பெண் சொன்னது விதிப்புத்தகத்தில் இருப்பதுதான். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், பரிவர்த்தனை நாளிலிருந்து அதிகபட்சம் ஐந்து நாட்களுக்குள் வங்கி பணத்தைத் திருப்பி வைக்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை. ஆனால் அவள் என்றைக்கு நடந்தது என்று கேட்கவில்லை. 3-ம் தேதி நடந்ததற்குக் கெடு 8-ம் தேதியோடு முடிந்துவிட்டது. 12-ம் தேதி கூப்பிடுகிறவரிடம் 'அஞ்சு நாள்' என்றால், கேட்பவருக்கு அது புதிதாக இன்னும் ஐந்து நாள். கோபம் அவர் கொண்டுவந்தது பாதி, ஏஜென்ட் உண்டாக்கியது பாதி. அட்டையில் 'கோபம்' என்றே எழுதாமல் கோபம் வந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும்.

பின் நம்பர் இடத்திலும் சறுக்கல் நடக்கும். மரியாதை கருதிப் பெரியவர் பேச்சில் குறுக்கிடாமல் இருப்பது வீட்டில் நல்ல பழக்கம். இங்கே அவர் நான்கு இலக்கத்தையும் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தால், அது அழைப்புப் பதிவில் அப்படியே ஏறிவிடும். "சார், சார், ஒரு நிமிஷம், பின் நம்பர் சொல்லாதீங்க. எங்ககிட்டகூடச் சொல்லக் கூடாது" என்று வெட்டிப் பேசத் தெரிய வேண்டும். புத்தகத்தில் படித்துத் தேர்வில் சரியாக எழுதியவர்களும் இந்த இடத்தில் வாய் திறக்கத் தயங்குவார்கள்.

ஐந்து நிமிடம் முடிந்ததும் கருத்துச் சொல்லும் நேரம். பயிற்சி நிற்பதும் விழுவதும் இங்கேதான். அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-ல், பின்னூட்டம் குறித்து அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகப் பின்னூட்டம் செயல்திறனைக் கூட்டியிருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நேர்வுகளில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்பதன் பக்கம் திரும்பும்போது பலன் கெடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

பயிற்சி அறையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 'உனக்குத் தன்னம்பிக்கை பத்தல' என்று சொன்னால் அந்தப் பெண் அடுத்த முறை என்ன செய்வாள்? செய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. 'நல்லா பண்ண' என்பதும் அதே ரகம்தான்.

அதனால் கவனிப்பாளருக்கு ஒரே கட்டளை: அபிப்பிராயம் எழுதாதே, காதில் விழுந்ததை எழுது. அவர் தாளில் 'பரிவு இல்லை' என்று இருக்கக் கூடாது. 'வாடிக்கையாளர்: பணம் வரவே இல்ல. ஏஜென்ட்: அஞ்சு நாள் டைம் இருக்கு. இடையில் கேள்வி எதுவும் கேட்கவில்லை' என்று இருக்க வேண்டும்.

பேசும் வரிசையும் முக்கியம். முதலில் ஏஜென்ட்டாக இருந்தவர் தான் எங்கே சிக்கினார் என்று சொல்கிறார். அடுத்து வாடிக்கையாளர், எந்தச் சொல்லில் தனக்கு எரிச்சல் ஏறியது என்கிறார். 'வருந்துகிறோம்' என்று செய்தி வாசிப்பது போல் கேட்ட இடத்தை அநேகமாக எல்லோரும் குறிப்பிடுவார்கள். அதன்பின் கவனிப்பாளர் தாளை வாசிக்கிறார். பயிற்சியாளர் கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முந்திக்கொண்டால் மற்ற இருவரும் அதையே வழிமொழிவார்கள். பார்த்த பிழை பத்து இருந்தாலும் அவர் எடுக்க வேண்டியது ஒன்றைத்தான். இந்த அழைப்பில் அது தேதி.

உடனே, அதே நாற்காலியில், அதே அழைப்பு மறுபடியும். இந்த நான்கு நிமிடத்தைத்தான் நேரமில்லை என்று பல இடங்களில் வெட்டிவிடுகிறார்கள். இதை வெட்டினால் மற்ற பதினாறு நிமிடமும் வீண்.

"பத்தாயிரம் கழிஞ்சிருக்கு!"

"பணமும் வராம, கழிஞ்சும் போச்சா? சரி சார், நான் பாக்கறேன். என்னிக்கு எடுக்கப் போனீங்க?"

"மூணாந்தேதி. அந்த பேங்க்குக்கு ரெண்டு தடவை நடந்துட்டேன்."

"அங்க போக வேண்டியதில்ல சார், கார்டு நம்ம பேங்க்கோடது, புகாரை நாங்கதான் எடுக்கணும். எட்டாந்தேதிக்குள்ள உங்க பணம் திரும்பி வந்திருக்கணும். இப்பவே பதியறேன், நம்பர் குறிச்சுக்கங்க. மெஷின்ல பணம் வெளிய வரலன்னு உறுதியாச்சுன்னா பத்தாயிரமும் வரும். எட்டாந்தேதிக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாயும் சேர்ந்து வரும்."

இன்றைய தேதிக்கு அது 400 ரூபாய். 'உறுதியாச்சுன்னா' என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. இயந்திரத்தின் பதிவையும் அதிலிருக்கும் பணக் கணக்கையும் ஒப்பிட்டுத்தான் முடிவு வரும். அது ஏஜென்ட் கையில் இல்லை. ஆறுதலாகப் பேசும் ஆர்வத்தில் 'நாளைக்கே வந்துடும் சார்' என்று வாக்குக் கொடுப்பது, கடுமையாகப் பேசுவதைவிடப் பெரிய தவறு. அந்த வாடிக்கையாளர் நாளை மறுநாள் இன்னும் சூடாகக் கூப்பிடுவார். எடுக்கப்போவது வேறொரு ஏஜென்ட்.

வேடம் ஏற்றவர்களுக்கும் ஒரு முடிவு வேண்டும். திட்டித் தீர்த்தவரும் திட்டு வாங்கியவரும் அதே முகத்தோடு மதியச் சாப்பாட்டுக்குப் போனால் ஒட்டாது. ஆகவே சுற்று முடிந்ததும் எழுந்து நின்று, சொந்தப் பெயரைச் சொல்லி, நாற்காலி மாற்றி உட்காரச் சொல்வார்கள். குழந்தைத்தனமாகத் தெரிந்தாலும் வேலை செய்கிறது.

இந்தப் பயிற்சிக்கு எல்லையும் உண்டு. முதுகோடு முதுகு உட்காரும்போது கம்ப்யூட்டர் திரை கிடையாது. உண்மையான அழைப்பில் கணக்கைத் தேடும் நேரத்தில் ஏஜென்ட் வாய் மூடிவிடுவார், மறுமுனையில், "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" இதற்கு 'டெட் ஏர்' என்று பெயர். பேச்சு கைவந்த பிறகு, பயிற்சிக்கான திரையைத் திறந்துவைத்து ஒரு சுற்று நடத்தினால்தான் இந்த மௌனம் வெளியே வரும். "கணக்கைத் திறக்கறேன் சார், அரை நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத் தேடுவது அங்கேதான் பழகும்.

பயிற்சி பலித்ததா என்று பார்க்க மதிப்பெண் பட்டியல் அவசியமில்லை. அடுத்த கட்டமான 'நெஸ்டிங்'கில் புதியவர்கள் நிஜ அழைப்பு எடுப்பார்கள். அனுபவசாலி ஒருவர் அதே லைனில் கேட்டுக்கொண்டிருப்பார். ஏ.டி.எம். புகாரில், எத்தனை நாள் ஆகும் என்று சொல்வதற்கு முன் என்றைக்கு நடந்தது என்று கேட்டார்களா? அது ஒன்றைக் குறித்தால் போதும்.

வாசகர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஏ.டி.எம்.மில் பணம் சிக்கினால் கார்டு கொடுத்த வங்கியைக் கூப்பிடுங்கள். தேதியையும் இடத்தையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள், பின் நம்பரை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஐந்து நாள் தாண்டியிருந்தால் அந்த 100 ரூபாய்க் கணக்கை நீங்கள் கேட்காமலேயே வங்கி கொடுத்தாக வேண்டும். கொடுக்கவில்லை என்றால் கேளுங்கள்.