நிறம் மாறிய குழிகள்

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் அவற்றுக்கு எலைசா செய்தபோது சில குழிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதற்கான முதல் தடயம் அது. ஆனால் மாதிரிகள் அமெரிக்கா போய், வெஸ்டர்ன் பிளாட்டிலும் உறுதியான பிறகே செய்தி அரசுக்குப் போனது. ஏன் இந்த இரண்டாவது சோதனை?

எலைசா தட்டின் ஒவ்வொரு குழியிலும் வைரஸின் புரதங்களை ஒட்டவைத்திருப்பார்கள். ரத்தத்தின் சீரத்தை ஊற்றிக் கழுவினால், அந்தப் புரதங்களைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் மட்டும் தங்கும். அதன் மேல் ஏறும் நொதி நிறத்தை உண்டாக்கும். ஒரே நேரத்தில் 90 பேருக்குப் பார்க்கலாம், செலவும் குறைவு. ஆனால் ஏதோ ஒட்டியிருக்கிறது என்றுதான் நிறம் சொல்லும், எந்தப் புரதத்தில் ஒட்டியது என்று சொல்லாது. வேறு நோய்க்காக உருவான எதிர்ப்பொருளும் சில சமயம் ஒட்டிக்கொள்ளும்.

தொற்றில்லாத 1,000 பேரில் ஐந்து பேருக்குத் தவறாக நிறம் காட்டும் சோதனை என்று வையுங்கள். 10,000 பேரில் பத்துப் பேருக்குத்தான் உண்மையில் தொற்று. அந்தப் பத்தோடு பொய்யாக ஐம்பது குழிகள் நிறம் மாறும். நிறம் மாறிய அறுபதில் ஐம்பது தவறு!

வெஸ்டர்ன் பிளாட்டில் வைரஸின் புரதங்களைக் கூழ்மத்தில் மின்சாரம் பாய்ச்சி, எடைவாரியாகப் பிரித்து, மெல்லிய தாளுக்கு மாற்றுவார்கள். அதன் கீற்றைச் சீரத்தில் நனைத்தால், எதிர்ப்பொருள் பிடித்த இடத்தில் கோடு விழும். கோடு நிற்கும் இடம் புரதத்தின் பெயரைச் சொல்லிவிடும். p24, gp41, gp120/160 ஆகியவற்றில் இரண்டாவது தெரிந்தால் தொற்று உறுதி என்பது அமெரிக்க விதியாக இருந்தது. p24 கோடு மட்டும் வந்தால்தான் சங்கடம்: தொற்றின் தொடக்கமாகவும் இருக்கலாம், வெறும் பொய்யாகவும் இருக்கலாம். சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

இம்யூனோஃபுளோரசன்ஸில் புரதம் அல்ல, வைரஸ் புகுந்த செல்லே கண்ணாடித் தகட்டில் இருக்கும். எதிர்ப்பொருள் ஒட்டினால், ஒளிரும் சாயத்தால் செல் நுண்ணோக்கியில் பச்சையாக மின்னும். வைரஸ் இல்லாத செல்களையும் அருகிலேயே வைத்திருப்பார்கள். அவையும் மின்னினால் அந்த முடிவு செல்லாது. விரைவான முறைதான், ஆனால் பார்ப்பவரின் கண் பழகியிருக்க வேண்டும்.

பிறகு எலைசாவே முந்திவிட்டது. புதிய வகை எலைசா, எதிர்ப்பொருளோடு வைரஸின் p24 புரதத்தையும் கண்டுபிடிப்பதால், வெஸ்டர்ன் பிளாட்டில் கோடு விழும் முன்பே தொற்றைக் காட்டிவிடுகிறது. எனவே 2014-ல் அமெரிக்காவும், 2019-ல் உலக சுகாதார நிறுவனமும் எச்.ஐ.வி.க்கு வெஸ்டர்ன் பிளாட் வேண்டாம் என்றன. அதற்காக ஒரே சோதனை போதும் என்றாகிவிடவில்லை. உங்கள் அறிக்கையில் ‘ரியாக்டிவ்’ என்று இருந்தால், உறுதிப்படுத்தும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். அதுவரை அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.