புத்தகத்தில் ஏறாத அறுபது லட்சம்

கோயம்புத்தூரில் பம்பு செட் செய்து விற்கும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அரசு குடிநீர்த் திட்டம் ஒன்றுக்குப் பம்புகளைக் கொடுத்து, பொருத்தி, ஒரு வருடம் பராமரித்துத் தரும் வேலை அதற்குக் கிடைத்திருக்கிறது. ஒப்பந்த மதிப்பு 4 கோடி ரூபாய். வேலை உத்தரவு 2024 ஏப்ரல் 1 அன்று வருகிறது. வேலையை முடிக்க 12 மாதம், அதன் பிறகு குறைபாடுகளுக்குப் பொறுப்பேற்க 12 மாதம்.

பம்பு ஒன்றுகூடக் கிளம்புவதற்கு முன்பே நிறுவனம் வங்கிக்குப் போக வேண்டும். வேலையை ஒழுங்காக முடிப்போம் என்பதற்கு ஒப்பந்த மதிப்பில் 5 சதவீதம், அதாவது 20 லட்சத்துக்கு ஒரு பேங்க் கேரண்டி. துறை கொடுக்கும் 40 லட்சம் முன்பணத்துக்கு ஈடாக இன்னொரு கேரண்டி. ஆக 60 லட்சம். வங்கி இதைச் சும்மா எழுதித் தராது. 15 சதவீதம் மார்ஜின் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 9 லட்ச ரூபாய் வைப்புத்தொகையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் மேல் வங்கி 'லியன்' போட்டுவிடும். ரசீது உங்கள் பெயரில் இருக்கும், வட்டியும் உங்களுக்குத்தான். ஆனால் வங்கி சம்மதிக்காமல் எடுக்க முடியாது.

இங்கேதான் கணக்குப் புத்தகம் நம்மை ஏமாற்றத் தொடங்குகிறது. வங்கி இருப்பு 14 லட்சம் என்று காட்டும்போது, அதில் 9 லட்சம் பூட்டிய பணம். சம்பள நாளில் கைக்கு எட்டுவது 5 லட்சம்தான். இதனால்தான் கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, மார்ஜின் பணமாக வைக்கப்பட்ட வங்கி இருப்பைத் தனியாகக் காட்டச் சொல்கிறது. அந்த 60 லட்சம் கேரண்டியோ எந்தப் பற்று வரவிலும் வராது. வங்கி யாருக்கும் பணம் கொடுக்கவில்லை, நிறுவனம் யாரிடமும் வாங்கவில்லை. கமிஷன் கட்டிய செலவு மட்டும் பதிவாகும். ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால், 20 லட்சத்துக்கு 40,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்.

ஆனாலும் பொறுப்பு இருக்கிறது. கேரண்டி என்பது வங்கிக்கும் துறைக்கும் இடையேயான தனி ஒப்பந்தம். ஒப்பந்தக்காரருக்கும் துறைக்கும் என்ன சண்டை என்பது வங்கிக்கு வேண்டாத விஷயம். துறை எழுத்தில் கேட்டால் வங்கி கொடுத்தாக வேண்டும். நீதிமன்றம் தலையிடுவது மோசடி அல்லது ஈடு செய்ய முடியாத அநீதி என்ற இரண்டு நிலைகளில்தான் என்பதை உச்ச நீதிமன்றம் 1987-ல், உத்தரப் பிரதேச கூட்டுறவுக் கூட்டமைப்பு – சிங் கன்சல்டன்ட்ஸ் வழக்கு முதலே சொல்லி வருகிறது. 20 லட்சம் கேட்கப்பட்டால் வங்கி உடனே கொடுத்துவிட்டு, அதற்கான 3 லட்சம் மார்ஜினை உடைத்துக்கொள்ளும். மீதி 17 லட்சத்தை உங்கள் பெயரில் கடனாக எழுதும். புத்தகத்தில் இல்லாமல் இருந்த தொகை ஒரே நாளில் உள்ளே வந்துவிடும்.

ஆகவே நிதி மென்பொருளில் இதை எங்கே வைப்பது? பெரிய நிறுவனங்களில் கேரண்டிகளை 'நிறைவேற்ற வேண்டிய கடப்பாடு' என்ற வகையில், சாதாரணப் பற்று வரவைத் தொடாத புள்ளிவிவரப் பதிவாக வைப்பார்கள். எஸ்.ஏ.பி. மென்பொருளில் உத்தரவாதங்களுக்கென்றே G என்ற சிறப்புக் குறியீடு இருக்கிறது. அதில் பதிந்தால் எதிர்ப்பதிவு தானாக விழுந்து நிகரத் தொகை பூஜ்ஜியமாகிவிடும். லாப நஷ்டமும் இருப்புநிலையும் அசையாது, பட்டியல் மட்டும் கிடைக்கும். சிறிய நிறுவனங்கள் எக்செல்லில் ஒரு தாள் வைத்துக்கொள்கின்றன. அதிலும் தவறில்லை. இருப்புநிலைக் குறிப்பில் இதை எப்படிக் காட்டுவது என்பது வேறு பிரச்சினை. முன்பணம் 40 லட்சம் ஏற்கெனவே புத்தகத்தில் கடனாக இருக்கும்போது, அதற்கான கேரண்டியையும் சேர்த்தால் ஒரே பொறுப்பை இரண்டு தடவை சொன்னதாகிவிடும். அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்ளட்டும். இந்தப் பட்டியல் அவருக்காக மட்டும் அல்ல. அடுத்த டெண்டருக்கு விண்ணப்பிக்கலாமா என்று முடிவு செய்பவருக்காக.

எப்படி என்று பார்ப்போம். வங்கி இந்த நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கும் கேரண்டி லிமிட் ஒரு கோடி. 60 லட்சம் போக 40 லட்சம் மிச்சம். லிமிட்டில் கழிவது மார்ஜின் போக உள்ள 51 லட்சம் அல்ல, முழு 60 லட்சம் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். 2025 பிப்ரவரியில் இன்னொரு டெண்டர் வருகிறது. அதற்கு 55 லட்சம் கேரண்டி வேண்டும். லிமிட் போதாது என்று விலகிவிடலாம். ஆனால் முன்பணம் எந்த நிலையில் இருக்கிறது? துறை ஒவ்வொரு நடப்பு பில்லிலும் 10 லட்சம் பிடித்து வருகிறது. மூன்று பில் முடிந்துவிட்டது. 30 லட்சம் திரும்பியாகிவிட்டது. 10 லட்சத்துக்குத்தான் இப்போது ஈடு தேவை, வங்கியிலோ இன்னும் 40 லட்சம் நிற்கிறது. அந்த 30 லட்சம் விடுபட்டால் லிமிட்டில் 70 லட்சம் காலியாகும், டெண்டர் போடலாம். ஆறு லட்சம் மார்ஜினில் நாலரை லட்சமும் திரும்பக் கிடைக்கும்.

இதைக் கண்டுபிடிக்க, கேரண்டிப் பதிவு ஒப்பந்தத்தோடும் பில்லோடும் கட்டப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது பில்லில் பிடித்தம் பதிவானதும் 'கேரண்டியைக் குறைக்கக் கேள்' என்று யாருக்காவது வேலை விழ வேண்டும். ஆனால் கணினியே தொகையை 10 லட்சமாகக் குறைத்துவிடக் கூடாது. இந்த ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. பிடித்தம் ஆனதால் கேரண்டி குறைவதில்லை. துறை கடிதம் கொடுத்து, வங்கி அதை ஏற்று, திருத்தம் எழுதிய பிறகுதான் குறைகிறது. ஆகவே பதிவேட்டில் இரண்டு எண் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்: நமக்கு உரிமைப்பட்ட நிலுவை 10 லட்சம், வங்கி சொல்லும் நிலுவை 40 லட்சம். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் துரத்த வேண்டிய பணம். மாதம் ஒரு முறை வங்கியிடமிருந்து நிலுவை கேரண்டி அறிக்கை வாங்கி ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். வைப்புத்தொகை அறிக்கையில் எந்த ரசீதின் மேல் எந்தக் கேரண்டிக்காக லியன் இருக்கிறது என்றும் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், முடிந்துபோன கேரண்டியின் மார்ஜின் காலாவதியாகி, தானாகவே புதுப்பிக்கப்பட்டு, லியனோடு பல வருடம் கிடக்கும்.

முதல் நாளே செய்ய வேண்டிய வேலையும் உண்டு. 40 லட்சத்துக்கு ஒரே கேரண்டி எடுக்காமல், பத்துப் பத்து லட்சமாக நான்கு எடுத்திருந்தால், ஒவ்வொரு பிடித்தத்துக்கும் ஒன்றைத் திரும்ப வாங்கலாம், திருத்தம் எழுத வேண்டியதே இல்லை. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமே 2007-ல் முன்பண கேரண்டிகளைப் பிடித்தத் தவணைகளின் எண்ணிக்கைக்கேற்பப் பிரித்து வாங்கச் சொல்லியிருக்கிறது. மார்ஜின் ரசீதையும் அதேபோல ஒன்றரை லட்சமாக நான்காகப் பிரிக்க வேண்டும். ஒரே ரசீதாக இருந்தால், அதில் ஒரு பகுதியை விடுவிக்கக் கேட்கும்போது வங்கிக் கிளையில் கொஞ்சம் அலைய நேரும்.

அடுத்து தேதி. பாதிப் பிழைகள் இங்கேதான் நடக்கின்றன. ஒப்பந்தப்படி 20 லட்சம் கேரண்டி, எல்லாப் பொறுப்பும் முடிந்த பிறகும் 60 நாள் இருக்க வேண்டும் என்று கொள்வோம். வேலை 2025 மார்ச் 31-ல் முடிந்தால் குறைபாட்டுப் பொறுப்பு 2026 மார்ச் 31 வரை, கேரண்டி 2026 மே 30 வரை. அதன் மேல் கோரிக்கை வைக்க இன்னொரு வருடம், அதாவது 2027 மே 30 வரை என்று வங்கி சேர்த்து எழுதியிருக்கலாம். அந்த ஒரு வருடம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28-ம் பிரிவின் மூன்றாம் விதிவிலக்கால் கட்டாயம் என்று வங்கிகள் நெடுநாள் சொல்லி வந்தன. அந்த விதிவிலக்கு நீதிமன்றம் போவதற்கான காலத்தைப் பற்றியது, கோரிக்கைக் காலத்தைப் பற்றியது அல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021-ல் ஒரு வழக்கில் சொன்னது. வங்கி எப்படி எழுதுகிறதோ, அதற்கு ஏற்ப கமிஷனும் மார்ஜினும் நீளும். ஆகையால் கேரண்டி எடுக்கும்போதே கேட்டுவிடுவது லாபம்.

ஆனால் உண்மையான கண்ணி வேறு. மழையாலும் மின் இணைப்பு தாமதத்தாலும் வேலை நான்கு மாதம் தள்ளிப்போய், 2025 ஜூலை 31-ல் முடிகிறது. துறையும் கால நீட்டிப்பு தந்துவிடுகிறது. இப்போது பொறுப்பு 2026 ஜூலை 31 வரை, கேரண்டி செப்டம்பர் 29 வரை வேண்டும். கையிலிருப்பதோ மே 30-ல் முடிகிறது. கால நீட்டிப்புக் கடிதம் திட்டப் பொறியாளரின் கோப்பில் இருக்கிறது, கேரண்டித் தேதி கணக்குப் பிரிவில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. மே மாத நடுவில் துறையிலிருந்து வங்கிக்கு ஒரு கடிதம் போகும்: நீட்டிக்கவும், இல்லையேல் பணத்தைக் கொடுக்கவும். நிறுவனம் தவறு செய்யாதபோதும் கேரண்டி கேட்கப்படும் வழிகளில் இது ஒன்று. அதிகாரி மேலும் கோபமும் வராது, அவர் தன் கோப்பைக் காப்பாற்றிக்கொள்கிறார், அவ்வளவுதான். தேதியைத் தட்டச்சு செய்யும் கட்டத்துக்குப் பதில், 'முடிவுத் தேதி கூட்டல் 12 மாதம் கூட்டல் 60 நாள்' என்று கணக்கிடும் கட்டமாக இருந்தால், பொறியாளர் தேதியை மாற்றிய அன்றே சிவப்பு விளக்கு எரியும். காலாவதிக்கு 60 நாள் முன்பாவது எச்சரிக்கை வர வேண்டும். வங்கியில் நீட்டிப்புக்கு விண்ணப்பம், கமிஷன், முத்திரைத் தாள் என்று வேலை இருக்கிறது. மின்னணு பேங்க் கேரண்டி 2022 செப்டம்பரில் வந்த பிறகு காகிதத் தாமதம் குறைந்திருக்கிறது என்றாலும், லிமிட் அனுமதி அதனால் வேகமாகிவிடாது.

மறுபக்கமும் உண்டு. துணை ஒப்பந்தக்காரரிடமிருந்து நீங்கள் வாங்கும் கேரண்டியையும் இதே பட்டியலில் தனியாக வைக்க வேண்டும். அங்கே தேதியைத் தவற விட்டால் நஷ்டம் உங்களுக்கு. கோரிக்கைக் கடிதம் கடைசி நாளுக்கு முன் அந்தக் குறிப்பிட்ட கிளைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அனுப்பினால் மட்டும் போதாது.

கடைசியில் வேலை முடிந்ததும் பலரும் காலாவதித் தேதி போனால் கேரண்டி தானாக இறந்துவிட்டது என்று பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். வங்கி அப்படி நீக்குவதில்லை. அசல் திரும்பி வரும் வரை, அல்லது துறை விடுவிப்புக் கடிதம் தரும் வரை, கோரிக்கைக் காலம் முடியும் வரை, அதன் கணக்கில் அது உயிரோடுதான் இருக்கும். அசலைத் துறையிடம் வாங்கி வங்கியில் கொடுத்து, லியன் நீக்கப்பட்டதாக எழுத்தில் பெற்று, லிமிட்டில் தொகை திரும்பியிருக்கிறதா என்று அடுத்த மாத அறிக்கையில் பார்த்த பிறகே பட்டியலில் 'முடிந்தது' என்று மாற்ற வேண்டும். அதன் பின் 3 லட்ச ரசீதை முறிக்கச் சொல்லலாம், அல்லது அதையே அடுத்த கேரண்டிக்கு மார்ஜினாகக் காட்டலாம். இடைக்காலத்தில் அதில் ஏறிய வட்டி வருமானமாகப் பதிவாகியிருக்கிறதா, பிடித்த வரி கணக்கில் வந்திருக்கிறதா என்றும் அப்போது பார்த்துவிட வேண்டும்.