டப்பாவில் எவ்வளவு பெருங்காயம்?

பெருங்காய டப்பாவை முன்பக்கத்துப் பெயரைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலை ஒருமுறை படித்தால் பலருக்குத் தூக்கிவாரிப்போடும். கோதுமை மாவு அல்லது அரிசி மாவு, உண்ணத்தக்க பிசின், அதற்கும் பிறகுதான் பெருங்காயம் என்று பல டப்பாக்களில் இருக்கும். எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். ஆக, அந்த டப்பாக்களில் அதிகம் இருப்பது மாவு.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அதே டப்பாவில் ‘கூட்டுப் பெருங்காயம்’ என்றும் எழுதியிருக்கும். அதன் பொருளே இதுதான். மாவும் வேலம்பிசினும் சேர்த்துப் பிசைந்து காயவைத்த பெருங்காயம். கலப்படம் என்பது வேறு கதை.

தூய பெருங்காயம் ஒரு செடியின் உறைந்த பால். கொத்தமல்லி, சீரகம், கேரட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபெருலா என்ற செடி அது. ஈரான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியாவின் வறண்ட மலைச்சரிவுகளில் தானாக வளர்கிறது. நான்கைந்து வயதான செடியின் வேர்த்தலையைச் சுற்றி மண்ணைத் தள்ளிவிட்டு, தண்டை அடியோடு அறுத்துவிடுவார்கள். அறுத்த இடத்தில் பால் வடிந்து உறையும். சில நாள் கழித்து அதைச் சுரண்டி எடுத்து, வேரில் மெல்லிய சீவல் ஒன்றை வெட்டினால் மறுபடி பால் ஊறும். இப்படியே மூன்று மாதம் போல நடக்கும், வேர் வற்றும்வரை. இந்தியாவில் இந்தச் செடியைப் பயிரிடும் முயற்சி அண்மையில்தான் தொடங்கியது. இமாச்சலப் பிரதேசத்தின் லாஹூல் பள்ளத்தாக்கில், குவாரிங் கிராமத்தில் 2020 அக்டோபர் 15 அன்று முதல் நாற்று நடப்பட்டது. அதுவரை முழுக்க இறக்குமதிதான். விலை உச்சத்தில் இருப்பதற்கும், கலப்படக்காரர்கள் இதையே குறிவைப்பதற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த உறைந்த பாலில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. பாதிக்குக் கூடக்குறைய ரெசின்; கால் பங்கு போல, தண்ணீரில் கரையும் பிசின்; மீதியில் பத்து முதல் பதினேழு சதவீதம் வரை ஆவியாகும் எண்ணெய். மூக்கைத் துளைக்கும் வாசனை முழுவதும் அந்த எண்ணெயில் உள்ள கந்தகச் சேர்மங்களின் வேலை. பூண்டு, வெங்காயத்தின் வாசனையும் கந்தகச் சேர்மங்களால் வருவதுதான்; அவை விலக்கப்பட்ட சமையலில் பெருங்காயம் அந்த இடத்தை நிரப்புவது அதனால்தான். ரெசினுக்கு வாசனை குறைவு, கசப்பு அதிகம். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் பெருங்காயத்தைப் பற்றிய பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

சாராயத்தில் ரெசினும் எண்ணெயும் கரையும். பிசினும் மாவும் கரையாது. ஆய்வுக்கூடத்தில் தரம் பார்ப்பது இதை வைத்துத்தான். கூட்டுப் பெருங்காயத்தில் சாராயத்தில் கரையும் பகுதி குறைந்தது 5 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது இந்திய உணவுச் சட்டம். நூறு கிராம் பொடியில் ஐந்து கிராம். நல்ல பெருங்காயத்தில் பாதிக்கு மேல் சாராயத்தில் கரையும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஐந்து கிராமைக் கொடுக்கப் பத்து கிராமுக்கும் குறைவான பெருங்காயமே போதும். மீதித் தொண்ணூறு கிராம் மாவும் பிசினுமாக இருந்தாலும் அது சட்டப்படி சரியான சரக்கு. அதே அலமாரியில் இதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பெருங்காயம் சேர்த்த டப்பாவும் இருக்கலாம். இரண்டுக்கும் பெயர் ஒன்றே. சேர்மானப் பட்டியலில் பெருங்காயம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, சதவீதம் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குவதே வாங்குபவர் கையில் உள்ள நம்பகமான வழி. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் எந்த மாவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு சிட்டிகையில் என்ன வந்துவிடும் என்று அவர்கள் விட்டுவிட முடியாது.

வீட்டில் செய்யும் சோதனைகள்? சில பயன்படும், ஆனால் எதை எதற்குச் செய்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். கரண்டியில் வைத்துக் கொளுத்தினால் நல்ல பெருங்காயம் கற்பூரம்போலச் சுடர்விட்டு எரியும் என்பார்கள். தூய கட்டிக்கு அது உண்மை. கூட்டுப் பொடியில் பாதிக்கு மேல் மாவு என்பதால் அது அப்படி எரியாது. எரியவில்லை என்று தூக்கி எறிவது அநியாயம். இன்னொரு பக்கம், பைன் மர ரெசினைக் கலந்த போலிக் கட்டியும் நன்றாகவே எரியும், சாராயத்திலும் கரையும். அதனால்தான் அந்த ரெசினைப் பெயர் சொல்லியே சட்டம் தடுத்திருக்கிறது. அயோடின் சொட்டு விட்டால் நீலமாவது மாவுக்கு அடையாளம். ‘தூய பால் பெருங்காயம்’ என்று சொல்லி விற்ற கட்டி நீலமானால் கடைக்காரரிடம் கேட்கலாம். கூட்டுப் பெருங்காயம் நீலமானால் அது தன் பெயருக்கு உண்மையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தண்ணீர் சோதனை எளிது. தூய கட்டியைத் தண்ணீரில் குழைத்தால் பால்போல வெளுத்துவரும். அதில் உள்ள பிசின், கரையாத ரெசினைத் துளித்துளியாகத் தாங்கிப் பிடிப்பதால் வரும் வெண்மை அது. கிளாஸின் அடியில் நறநறவென்று மண்ணோ மாக்கல் தூளோ தங்கினால் கலப்படம். கூட்டுப் பொடியில் மாவு மெல்லப் படிவது இயல்பு. விரலில் தேய்த்தால் மாவு வழுக்கும், கல் உறுத்தும். தூய கட்டியை உடைத்தும் பார்க்கலாம். வெளிறி இருக்கும் புது உடைப்பு காற்றுப் பட்டதும் மெல்ல இளஞ்சிவப்பாகி, பிறகு செம்பழுப்பாகும்.

இனி அளவு. நான்கு பேருக்கான சாம்பாருக்குக் கால் தேக்கரண்டி கூட்டுப் பொடி போடுவது வழக்கம். அது ஏறத்தாழ அரை கிராம். அதில் உண்மையான பெருங்காயம் பத்தில் ஒரு பங்கு என்றால் ஐம்பது மில்லிகிராம். தூய கட்டியில் ஒரு மிளகைவிடச் சிறிய துண்டு அவ்வளவு எடை வரும். பொடியிலிருந்து கட்டிக்கு மாறுகிறவர்கள் பழைய கை அளவிலேயே கிள்ளிப் போட்டால் அன்றைய சாம்பார் கசந்து போவது இதனால்தான்.

சேர்க்கும் நேரமும் சரக்கைப் பொறுத்து மாறும். கந்தகச் சேர்மங்கள் எண்ணெயில் கரைபவை. சூட்டில் அவற்றின் காட்டம் அடங்கிவிடும். ஆனால் பொடியில் உள்ள மாவு நொடியில் கருகும். ஆகவே தாளிப்பில் கடுகு வெடித்து, கறிவேப்பிலையும் போட்ட பிறகு, கடைசியாகப் பொடியைத் தூவி உடனே சாம்பாரில் கொட்டிவிட வேண்டும். கூட்டுக் கட்டி என்றால் சிறு துண்டை எண்ணெயில் மிதமான தீயில் பொரித்து, உப்பியதும் எடுத்து ஆறவைத்து இடித்துக்கொள்ளலாம். தூய கட்டியை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் சொட்டாகச் சேர்ப்பதே அளவு தப்பாத வழி. ரசம், மோர்க்குழம்பு போன்றவற்றுக்கு இந்தப் பெருங்காயத் தண்ணீர் நன்றாக ஒத்துப்போகும்.

டப்பாவைத் திறந்து மாதங்கள் ஆனால் எண்ணெய் ஆவியாகிப் போகும், ரெசின் அங்கேயே இருக்கும். வாசனை போதவில்லை என்று பழைய பொடியை இரண்டு மடங்காகப் போட்டால் கூடுவது கசப்பும் மாவும்தான். அதனால் பெரிய டப்பா லாபம் என்று வாங்காமல், சிறிதாக வாங்கி இறுக மூடிய கண்ணாடிச் சீசாவில் வைக்கலாம்.